பாக்கராவில் பேங்கர் பந்தயம் மலிவானது எப்படி: மூன்றாம் சீட்டு அட்டவணையும் ஐந்து சதவீதக் கமிஷனும்

சீனாவின் மக்காவு நகரக் கேசினோக்களில் ஈட்டப்படும் வருமானத்தின் பெரும்பகுதி பாக்கரா என்ற ஒரே சீட்டாட்டத்திலிருந்து வருகிறது. ஆடுபவர் முடிவெடுக்க வேண்டிய இடம் ஏறக்குறைய எதுவுமே இல்லாத ஆட்டம் இது. சீட்டு விழுவதற்கு முன் பிளேயர், பேங்கர், சமநிலையைக் குறிக்கும் டை என்ற மூன்றில் ஒன்றின் மீது பணம் வைத்தால் அவர் வேலை முடிந்தது. அதன் பிறகு நடப்பதெல்லாம் அச்சிட்ட அட்டவணைப்படி நடக்கிறது. இந்த மூன்றில் பேங்கர் மீது வைக்கும் பந்தயத்தில்தான் கேசினோவுக்குக் கிடைக்கும் சாதகம் மிகக் குறைவு என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அது ஏன் என்று கேட்டால் "பேங்கர் அதிகம் வெல்கிறது" என்ற பதிலே பெரும்பாலும் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. பேங்கர் அதிகம் வெல்வதற்குக் காரணம் மூன்றாம் சீட்டு அட்டவணை. ஆனால் அதன் மீதான பந்தயம் மலிவாக இருப்பதற்குக் காரணம், கேசினோ பிடிக்கும் கமிஷன் சற்றே குறைவான ஒரு முழு எண்ணில் நின்றுவிட்டது. இரண்டும் வெவ்வேறு செய்திகள் என்பதால் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பிளேயர், பேங்கர் என்பவை ஆட்களைக் குறிக்கும் பெயர்கள் அல்ல. மேசையில் சீட்டு விழும் இரண்டு பக்கங்களின் பெயர்கள். ஆடுபவர் எந்தப் பக்கத்தின் மீதும் பணம் வைக்கலாம். ஏஸுக்கு மதிப்பு 1. இரண்டு முதல் ஒன்பது வரையிலான சீட்டுகளுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. பத்து, ஜாக், குயின், கிங் ஆகியவற்றுக்குப் பூஜ்யம். கூட்டுத்தொகையில் பத்தாம் இடத்து எண்ணைத் தள்ளிவிட்டுக் கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஏழும் எட்டும் சேர்ந்தால் பதினைந்து, அதாவது 5. ஒன்பதுக்கு மேல் எந்தக் கையும் போக முடியாது. ஒன்பதுக்கு நெருக்கமான பக்கம் வெல்லும்.

பொதுவாக எட்டுக் கட்டுகளைக் கலந்து, ஷூ எனப்படும் பெட்டியிலிருந்து இரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு சீட்டுகள் போடுவார்கள். ஏதேனும் ஒரு பக்கம் முதல் இரண்டு சீட்டிலேயே 8 அல்லது 9 எடுத்துவிட்டால் அது நேச்சுரல்; அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும், யாருக்கும் மூன்றாம் சீட்டு கிடையாது. நேச்சுரல் இல்லையென்றால் முதலில் பிளேயர் பக்கத்தைப் பார்ப்பார்கள். அதன் தொகை 0 முதல் 5 வரை இருந்தால் மூன்றாவது சீட்டு ஒன்று விழும். 6 அல்லது 7 என்றால் அப்படியே நிற்கும். பிளேயர் நின்றுவிட்டால் பேங்கரும் அதே விதிப்படிதான் நடக்கும்: 0 முதல் 5 வரை எடுக்கும், 6, 7 என்றால் நிற்கும். பிளேயர் மூன்றாம் சீட்டை எடுத்திருந்தால் மட்டுமே கீழே உள்ள அட்டவணை தேவைப்படுகிறது.

| பேங்கரின் இரு சீட்டுத் தொகை | பிளேயரின் மூன்றாம் சீட்டு எதுவானால் பேங்கர் எடுக்கும் |
|---|---|
| 0, 1, 2 | எதுவானாலும் |
| 3 | 8 தவிர மற்ற எல்லாம் |
| 4 | 2 முதல் 7 வரை |
| 5 | 4 முதல் 7 வரை |
| 6 | 6 அல்லது 7 |
| 7 | எடுக்காது |

புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த அட்டவணையில் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். முதலாவது, இங்கே பார்க்கப்படுவது பிளேயரின் மொத்தத் தொகை அல்ல, மூன்றாவதாக விழுந்த அந்த ஒற்றைச் சீட்டின் மதிப்பு. பிளேயர் 5 வைத்திருந்து 8 எடுத்தால் தொகை 3 ஆகிவிடும். ஆனால் பேங்கர் பார்க்க வேண்டியது 8 என்பதை. இரண்டாவது, பேங்கரிடம் 6 இருக்கும்போது பிளேயர் சீட்டு எடுக்காமல் நின்றிருந்தால் அட்டவணையில் 6 என்ற வரிசைக்கு அங்கே வேலையே இல்லை; பேங்கர் நிற்க வேண்டும்.

அட்டவணை பார்ப்பதற்கு ஒழுங்கற்றதாக, யாரோ தோன்றியபடி எழுதியதுபோல இருக்கிறது. அப்படியல்ல. பிரான்சில் ஆடப்பட்ட ஷெமாங் த ஃபேர் என்ற பழைய வடிவத்தில் பேங்கர் என்பவர் உண்மையிலேயே ஒரு ஆள். மற்றவர்களின் பந்தயத்துக்கு ஈடாகத் தன் பணத்தை வைப்பவர். எதிராளி எடுத்த மூன்றாம் சீட்டு முகம் தெரியும்படி மேசையில் கிடக்க, தான் எடுப்பதா நிற்பதா என்று அவர் யோசித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. நல்ல ஆட்டக்காரர் எந்த நிலையில் எதைச் செய்வாரோ அதுவே பிறகு கட்டாய விதியாகி, 1950களின் இறுதியில் கியூபாவிலிருந்து லாஸ் வேகஸுக்கு வந்து சேர்ந்த இன்றைய புந்தோ பாங்கோ வடிவத்தில் அச்சேறியது. யோசிப்பவர் போய்விட்டார், அவருடைய யோசனை மட்டும் அட்டவணையாக நிற்கிறது.

அந்த யோசனையின் விலை என்ன என்பதைக் காண ஒரு எளிய வழி உண்டு. பேங்கருக்கும் பிளேயருக்கும் ஒரே விதி என்று வைத்துக்கொள்வோம்: நேச்சுரல் இல்லையென்றால் இருவரும் 0 முதல் 5 வரை எடுக்க வேண்டும், 6, 7 என்றால் நிற்க வேண்டும், எதிர்ப்பக்கம் என்ன எடுத்தது என்பதைப் பார்க்கக் கூடாது. அப்போது இரண்டு பக்கங்களும் எல்லா வகையிலும் ஒன்றே. ஒன்று அதிகம் வெல்ல எந்தக் காரணமும் இல்லை. இரண்டாவதாக எடுப்பதால் மட்டும் எந்த நன்மையும் வந்துவிடாது, ஏனென்றால் கலைத்த கட்டில் எந்தச் சீட்டு முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்பதில் யாருக்கும் சாதகம் கிடையாது. ஆகவே பேங்கரின் கூடுதல் வெற்றி முழுவதும், உண்மையான அட்டவணை இந்தப் பொது விதியிலிருந்து விலகும் இடங்களிலிருந்து மட்டுமே வர முடியும். அந்த இடங்களை எண்ணிப் பார்க்கலாம். 3 என்ற வரிசையில் 8 என்ற ஒரு இடம். 4 என்ற வரிசையில் 0, 1, 8, 9 என்று நான்கு இடங்கள். 5 என்ற வரிசையில் 0, 1, 2, 3, 8, 9 என்று ஆறு. இவை எல்லாவற்றிலும் எடுக்க வேண்டிய பேங்கர் நிற்கிறது. 6 என்ற வரிசையில் 6, 7 என்ற இரண்டு இடங்களில் மட்டும் நிற்க வேண்டிய பேங்கர் எடுக்கிறது. மொத்தம் பதின்மூன்றே கட்டங்கள். பேங்கரின் சாதகம் முழுவதும் இந்தப் பதின்மூன்றில் அடங்கிவிடுகிறது.

இவற்றுள் மிகுந்த பலன் தரும் கட்டம் ஒன்றை எடுத்துக் கணக்கிடுவோம். பேங்கரிடம் ஒன்பதும் ஆறும் இருக்கின்றன, அதாவது 5. பிளேயர் மூன்றாவதாக எடுத்தது கிங். இப்போது பேங்கர் பக்கத்துக்கு ஒரு செய்தி தெரிந்துவிட்டது: பிளேயரிடம் முதலில் 0 முதல் 5 வரை ஏதோ ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டு எடுத்திருக்காது, கிங்குக்கு மதிப்பில்லாததால் இப்போதும் அதே தொகைதான் இருக்கிறது. பூஜ்ய மதிப்புள்ள சீட்டு வகைகள் நான்கு இருப்பதால் முதல் இரண்டு சீட்டில் தொகை 0 வருவதற்கு, 169 சேர்க்கைகளில் 25 வழிகள் உண்டு. 1 முதல் 9 வரை ஒவ்வொரு தொகைக்கும் 16 வழிகள். எனவே பிளேயர் சீட்டு எடுக்கும் நிலைகள் மொத்தம் 105: பூஜ்யத்துக்கு 25, ஒன்று முதல் ஐந்து வரை தலா 16. (ஷூவில் எந்தச் சீட்டும் குறையாததுபோலக் கொண்டு போடும் கணக்கு இது, எட்டுக் கட்டுகளில் துல்லிய எண்கள் சிறிதளவே மாறும்.)

பேங்கர் 5-இல் நின்றால் 0 முதல் 4 வரையிலான 89 நிலைகளில் வெல்கிறது, 16-இல் சமநிலை, எதிலும் தோற்பதில்லை. பொது விதிப்படி இன்னொரு சீட்டு எடுத்தால் என்ன ஆகும்? ஐந்து விழுந்தால் தொகை 0, ஆறு விழுந்தால் 1, ஏழுக்கு 2, எட்டுக்கு 3, ஒன்பதுக்கு 4. பதின்மூன்று வகைகளில் ஐந்து வகைகள் கையைக் கெடுத்துவிடுகின்றன. நான்கு வகைகள் கையை மேம்படுத்தும் என்றாலும், ஏற்கெனவே வென்றுகொண்டிருக்கும் கைக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. இருந்த சமநிலைகளை வெற்றியாக்குவதோடு சரி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், எடுப்பதில் கிடைக்கும் நிகர வெற்றி சராசரியாக 105-க்கு 56 அளவுதான், நின்றால் 89. பூஜ்ய மதிப்புள்ள சீட்டுதான் மூன்றாவதாக அடிக்கடி விழுவது என்பதால், இந்த ஒரு கட்டமே பேங்கருக்கு நிறையச் சம்பாதித்துத் தருகிறது.

5 என்ற அதே வரிசையில் கோடு எங்கே விழுகிறது என்பதையும் பார்க்கலாம். பிளேயரின் மூன்றாம் சீட்டு 3 என்றால் அதன் தொகை 3 முதல் 8 வரை எங்காவது இருக்கும். பேங்கர் 5-இல் நின்றால் 41 நிலைகளில் வெற்றி, 48-இல் தோல்வி, ஆக நிகர நட்டம் 7. எடுத்தால் நட்டம் சுமார் 14. ஆகவே நிற்பது நல்லது. மூன்றாம் சீட்டு 4 என்று ஆனவுடன் பிளேயரின் தொகை 4 முதல் 9 வரை ஏறிவிடுகிறது. நின்றால் 25 வெற்றி, 64 தோல்வி, நிகர நட்டம் 39. எடுத்தால் நட்டம் 37.8. இப்போது எடுப்பதுதான் நல்லது, ஆனால் மயிரிழை வித்தியாசத்தில். அதனால்தான் ஷெமாங் த ஃபேரில் இந்த நிலையில் பேங்கருக்கு எடுக்கவும் நிற்கவும் உரிமை உண்டு. புந்தோ பாங்கோ எடுக்கச் சொல்லிவிட்டது.

3 என்ற வரிசையில் எட்டை மட்டும் ஏன் விலக்கினார்கள் என்ற கேள்வியும் இதே முறையில் தீர்ந்துவிடும். பேங்கரிடம் 3 இருக்க, பிளேயர் 8 எடுத்தால் அதன் தொகை 8, 9, 0, 1, 2, 3 என்று இரு முனைகளிலும் சிதறிப்போகிறது. 3 வைத்திருக்கும் பேங்கருக்கு 0, 1, 2 ஆகியவற்றை வெல்ல இன்னொரு சீட்டு தேவையில்லை, 8, 9 ஆகியவற்றை எட்டிப் பிடிப்பதும் கடினம். நின்றால் நிகர லாபம் 7, எடுத்தால் 6.6. ஒன்பது விழுந்தாலோ பிளேயரின் தொகை 9 அல்லது 0 முதல் 4 வரை. 3 என்ற கை 4-க்குத் தோற்கும் நிலை புதிதாகச் சேர்ந்துவிடுகிறது, எடுப்பதால் கையைத் தூக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. அங்கே எடுத்தால் 15, நின்றால் 7. பார்வைக்குக் குளறுபடியாகத் தெரியும் அந்த ஒற்றை எட்டு, கணக்கின் பிள்ளைதான்.

இந்தக் கட்டங்களின் பலனையெல்லாம் எட்டுக் கட்டு ஷூவில் முழுமையாகக் கூட்டினால், 45.86 சதவீத ஆட்டங்களில் பேங்கர் வெல்கிறது, 44.62 சதவீதத்தில் பிளேயர், 9.52 சதவீதம் சமநிலை. சமநிலையில் இரு பக்கப் பந்தயங்களும் திருப்பித் தரப்படும். இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான இடைவெளி 1.235 சதவீதம். பிளேயர் மீது பணம் வைப்பவருக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைப்பதால், அவர் நீண்ட காலத்தில் இழப்பது இந்த இடைவெளியைத்தான். பிளேயர் பந்தயத்தின் ஹவுஸ் எட்ஜ் 1.24 சதவீதம் என்று சொல்லப்படுவது இதுவே.

பேங்கருக்கும் ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் அதே 1.24 சதவீதம் ஆடுபவர் பக்கம் சாய்ந்துவிடும். கேசினோ ஒவ்வொரு நாளும் நட்டப்படும். அதைத் தடுக்கத்தான் பேங்கர் வெற்றியில் ஐந்து சதவீதக் கமிஷன் பிடிக்கிறார்கள்: 100 டாலர் வைத்து வென்றவருக்கு 95 டாலர். 45.86 சதவீத வெற்றிகளில் ஐந்து சதவீதம் என்பது மொத்தப் பந்தயத்தில் 2.29 சதவீதம். அதிலிருந்து ஆடுபவருக்கு இருந்த 1.235 சதவீதச் சாதகத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1.06 சதவீதம். பேங்கர் பந்தயத்தின் ஹவுஸ் எட்ஜ் இப்படித்தான் பிறக்கிறது.

பேங்கரின் கூடுதல் வெற்றியும் பந்தயத்தின் மலிவும் பிரியும் இடம் இதுதான். கமிஷன் 2.69 சதவீதமாக இருந்தால் ஆட்டம் யாருக்கும் சாதகமில்லாமல் சமமாக நிற்கும். 5.39 சதவீதமாக இருந்தால் பேங்கரும் பிளேயரும் ஒரே விலைக்கு வந்துவிடும். அதற்கு மேல் போனால், பேங்கர் இன்றைய அளவுக்கே அதிகம் வென்றாலும், பிளேயர்தான் மலிவான பந்தயமாகும். கேசினோ பிடிப்பது ஐந்து. சில்லறை எண்ணி, மேசையில் விரைவாகக் கணக்குத் தீர்க்க வசதியான எண் அது, 5.39 என்று யாரும் கமிஷன் வசூலிக்க மாட்டார்கள். பேங்கரின் புகழுக்குக் காரணமான 0.18 சதவீத வித்தியாசம், கமிஷன் 5.39-ஐ எட்டாமல் ஐந்தில் நிற்பதன் விளைவு. எங்காவது நான்கு சதவீதக் கமிஷன் அறிவிக்கப்பட்டால் எட்ஜ் 0.60 சதவீதமாகக் குறையும்; ஒரு சதவீதக் கமிஷன் மாற்றம் எட்ஜை ஏறக்குறைய பாதியாக்கிவிடும் அளவுக்கு இந்த எண் நுட்பமானது.

அந்த 0.18 மேசையில் எவ்வளவு பெரிது? ஆட்டத்துக்கு 100 டாலர் என்று ஆயிரம் ஆட்டங்கள் ஆடினால் மொத்தப் பந்தயம் ஒரு லட்சம் டாலர். அதில் எதிர்பார்க்கக்கூடிய நட்டம் பேங்கரில் சுமார் 1,058 டாலர், பிளேயரில் சுமார் 1,235 டாலர். வித்தியாசம் 177 டாலர். ஆனால் ஆயிரம் ஆட்டங்களில் வெறும் அதிர்ஷ்டத்தால் முடிவு இந்தச் சராசரியிலிருந்து மேலும் கீழும் 2,900 டாலர் வரை விலகுவது மிகச் சாதாரணம். எனவே ஒரு இரவோ ஒரு வாரமோ ஆடியவர் தன் அனுபவத்தைக் கொண்டு "பேங்கர்தான் நல்லது" என்றோ "பிளேயர் கைகொடுத்தது" என்றோ சொல்வதற்கு மதிப்பில்லை. எந்தப் பக்கம் எத்தனை முறை தொடர்ந்து வென்றது என்று மேசையோரத் திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடும் பட்டியலுக்கும் இதே நிலைதான்; அடுத்த கையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. டை பந்தயத்தில் மட்டும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்: எட்டு மடங்கு தரும் மேசையில் அதன் எட்ஜ் 14.36 சதவீதம், அதே ஒரு லட்சம் டாலருக்கு 14,360 டாலர் நட்டம்.

பேங்கர் எப்போதும் மலிவு என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவர் ஏமாறும் இடம் கமிஷன் இல்லாத மேசை. ஒவ்வொரு வெற்றியிலும் ஐந்து சதவீதம் எண்ணிப் பிடிப்பது ஆட்டத்தை மெதுவாக்குகிறது என்பதால், மக்காவு நகரிலும் மற்ற ஆசியக் கேசினோக்களிலும் இத்தகைய மேசைகள் பரவலாகிவிட்டன. இங்கே பேங்கர் வென்றால் முழுப் பணம் கிடைக்கும். ஆனால் 6 என்ற தொகையில் வென்றால் மட்டும் பாதிப் பணம். கமிஷன் இல்லை என்ற சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பேங்கர் 6-இல் வெல்வது 5.39 சதவீத ஆட்டங்களில் நடக்கிறது. அவற்றில் பாதியை இழப்பது மொத்தப் பந்தயத்தில் 2.69 சதவீதம். ஆடுபவரின் 1.235 சதவீதத்தைக் கழித்தால் கேசினோவுக்கு மிஞ்சுவது 1.46 சதவீதம். சீட்டு விதிகளில் ஒரு எழுத்தும் மாறவில்லை, பேங்கர் முன்போலவே அதிகம் வெல்கிறது, ஆனாலும் இந்த மேசையில் மலிவான பந்தயம் பிளேயர்தான்.

கமிஷனை நீக்கும் இன்னொரு முறையில், பேங்கர் மூன்று சீட்டுகளோடு 7 எடுத்து வென்றால் பந்தயம் லாபமின்றித் திருப்பித் தரப்படும். அது நடப்பது 2.25 சதவீத ஆட்டங்களில் மட்டுமே. ஆகவே எட்ஜ் 1.02 சதவீதத்தில் நிற்கிறது, பேங்கர் மீண்டும் மலிவாகிறது. இரண்டு மேசைகளின் மீதும் "கமிஷன் இல்லை" என்றே எழுதியிருக்கும். எந்த மேசை எது என்பதை அறிய, பேங்கர் எந்தத் தொகையில் வென்றால் பணம் குறைக்கப்படுகிறது, குறைப்பு பாதியா முழுவதுமா என்று மேசைத் துணியின் மீது அச்சிட்டிருக்கும் பட்டுவாடா வரியைத்தான் படிக்க வேண்டும்.